ஹசார்டு விகிதம் காலத்தோடு மாறினால் என்ன எழுதுவது? காக்ஸ் மாதிரியைச் சோதிக்கும் வழிகளும், சோதனை தவறினால் இருக்கும் வழிகளும்

காக்ஸ் ரிக்ரெஷன் தரும் ஹசார்டு விகிதம் ஒற்றை எண். 0.51 என்று அது சொன்னால், முதல் நாளிலும் 0.51, நூறாவது நாளிலும் 0.51, ஓராண்டு கழிந்த பிறகும் 0.51 என்று பொருள். ஹசார்டு என்பது அந்தந்த நேரத்தில் உயிரோடு இருப்பவர்களின் மரண வேகம். இரு குழுக்களிலும் அது எப்படி வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆனால் ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு என்பது மட்டும் மாறக்கூடாது. இதுதான் விகிதசம ஹசார்டு என்ற அனுமானம். ஒரு கூட்டத்தை நுழைவில் அளந்து நெடுநாள் பின்தொடரும் கோஹார்ட் ஆய்வில் இது அடிக்கடி உடைகிறது. காரணம் எளிது: முதல் நாளில் ஒருமுறை அளந்த ஒன்றை வைத்துப் பல ஆண்டுகளுக்குப் பிந்தைய மரணத்தை விளக்கப் பார்க்கிறோம்.

இதைச் சோதிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. அனுமானம் உடைந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஐந்து வழிகள் உள்ளன. எது எப்போது என்பதை ஓர் உண்மையான தரவில் வைத்துப் பார்ப்போம். ஆர் மென்பொருளின் survival தொகுப்பில் veteran என்ற தரவு இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை நடத்திய ஆய்வு அது. அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லாத நுரையீரல் புற்றுநோயாளிகள் 137 பேர், அவர்களில் 128 பேர் கண்காணிப்புக் காலத்தில் இறந்தார்கள். மருந்தைப் பொறுத்தவரை இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை. ஆனால் நாம் பார்க்கப்போவது மருந்தை அல்ல, கார்னாஃப்ஸ்கி மதிப்பெண்ணை. நோயாளி எந்த அளவுக்கு நடமாடுகிறார், தன்னைத்தானே கவனித்துக்கொள்கிறார் என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் மதிப்பெண் அது. 10 முதல் 30 என்றால் முழுக்க மருத்துவமனைப் படுக்கை, 40 முதல் 60 என்றால் பாதி உதவி தேவை, 70க்கு மேல் என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். இதை யாரும் குலுக்கிப் போடவில்லை, நுழைவில் அளந்தார்கள். ஆகவே கோஹார்ட் ஆய்வில் எழும் கேள்வி அப்படியே இதில் இருக்கிறது.

```r
library(survival)
fit <- coxph(Surv(time, status) ~ trt + prior + karno,
             data = veteran)
```

இதில் trt என்பது மருந்துக் குழு, prior என்பது முன்பே சிகிச்சை பெற்றாரா என்பது, karno என்பது கார்னாஃப்ஸ்கி மதிப்பெண். karno என்ற மாறிக்கு இந்த மாதிரி தரும் குணகம் −0.0338, திட்டப் பிழை 0.0051. ஒரு மதிப்பெண்ணுக்கான விகிதம் வாசகருக்கு ஒன்றும் சொல்லாது. 20 மதிப்பெண் வித்தியாசத்துக்கு மாற்றினால் ஹசார்டு விகிதம் 0.51, 95% நம்பிக்கை இடைவெளி 0.42 முதல் 0.62. பி-மதிப்பு ஒரு கோடியில் ஒன்றைவிடச் சிறியது. பலரும் இதோடு நிறுத்திவிட்டு அட்டவணை போட்டுவிடுவார்கள்.

சோதிக்கும் வழிகள்

பழைய வழி லாக்-லாக் வரைபடம். t நாளில் எத்தனை பங்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் கப்லான்-மையர் வளைவு S(t). அதை log(−log S(t)) என்று மாற்றி, கிடை அச்சில் log t வைத்து வரைவது. ஹசார்டுகள் விகிதசமமாக இருந்தால் குழுக்களின் வளைவுகள் இணையாக ஓடும். இரண்டு மூன்று குழுக்கள் மட்டும் உள்ள மாறிக்கு இது இன்றும் பயன்படும். ஆனால் கார்னாஃப்ஸ்கி மதிப்பெண் போன்ற தொடர் மாறியை வெட்டித் துண்டாக்கினால்தான் வரையவே முடியும். வெட்டும் இடத்தை மாற்றினால் படமும் மாறும். மற்ற மாறிகளுக்காகச் சரிசெய்த படமும் அல்ல இது. இன்னொரு சிக்கல், படத்தின் இடது ஓரம். அங்கே இரண்டு மூன்று மரணங்கள்தான் நடந்திருக்கும், லாக் அச்சு அந்தச் சில நாட்களை அகலமாக இழுத்துக் காட்டும். வளைவுகள் அங்கே குறுக்கே வெட்டிக்கொள்வதைப் பார்த்து அனுமானம் உடைந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த வெட்டுக்குப் பொருளில்லை.

இரண்டாவது வழி ஷோன்ஃபெல்ட் எச்சம். இதன் உள்வேலையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒருவர் இறக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உயிரோடு கண்காணிப்பில் இருக்கும் எல்லோருக்கும் மாதிரியின்படி ஓர் எடை கொடுத்து, அவர்களுடைய கார்னாஃப்ஸ்கி மதிப்பெண்ணின் சராசரியைக் கணக்கிடலாம். இறந்தவருடைய மதிப்பெண்ணிலிருந்து இந்தச் சராசரியைக் கழித்தால் வருவதுதான் எச்சம். மாதிரி சரியாக இருந்தால் எச்சங்கள் காலம் முழுவதும் பூச்சியத்தைச் சுற்றிச் சிதறும். தொடக்கத்தில் இறப்பவர்கள் மாதிரி எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த மதிப்பெண்ணோடும், பிற்காலத்தில் இறப்பவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிக மதிப்பெண்ணோடும் இருந்தால், விளைவு காலத்தோடு தேய்கிறது என்று பொருள். எச்சங்களைத் தக்க அளவில் பெருக்கி, மாதிரியின் குணகத்தைக் கூட்டினால், அந்தந்த நேரத்தில் குணகம் சுமார் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை அந்தப் புள்ளிகள் காட்டும். கிராம்ப்ஷ், தெர்னோ இருவரும் 1994இல் காட்டியது இதைத்தான். எச்சம் என்பது மரணத்துக்கு ஒன்று. உயிரோடு கண்காணிப்பு முடிந்தவருக்கு எச்சம் கிடையாது. ஆகவே இந்தச் சோதனையின் பலத்தை முடிவு செய்வது 137 அல்ல, 128.

```r
zp <- cox.zph(fit, transform = function(t) log(t + 20))
zp
plot(zp[3]); abline(h = coef(fit)[3], lty = 2)
```

சோதனை முடிவு: trt மாறிக்கு கை-ஸ்கொயர் 0.29, பி 0.59. prior மாறிக்கு 2.17, பி 0.14. karno மாறிக்கு 12.14, பி 0.0005. மொத்தச் சோதனை 18.07, மூன்று டிகிரி, பி 0.0004. மொத்த வரியை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. பத்து மாறி உள்ள மாதிரியில் ஒரே ஒரு மாறி கெட்டிருந்தால், மற்ற ஒன்பதின் டிகிரிகளில் அது கரைந்துவிடும். மொத்த பி 0.2 என்று வரும், உள்ளே ஒரு மாறி 0.002 என்று கிடக்கும்.

படம்தான் முக்கியம். இதில் வளைவு −0.05க்கும் கீழே தொடங்கி மேலே ஏறி, சுமார் 200 நாளில் அதன் நம்பிக்கைப் பட்டை பூச்சியத்தைத் தொட்டுவிடுகிறது. −0.034 என்று நாம் போட்ட கிடைக்கோடு இந்த ஏற்றத்தின் நடுவே எங்கோ போகிறது. அதாவது 0.51 என்ற விகிதம் எந்தக் காலத்துக்கும் உரியதல்ல. தொடக்கத்துக்குப் போதாது, பிற்காலத்துக்கு மிகை.

இங்கே transform என்ற இடத்தில் என்ன போடுகிறோம் என்பது பி-மதிப்பை மாற்றும். காலத்தை எந்த அளவுகோலில் நீட்டுகிறோமோ அந்த அளவுகோலில் ஒரு நேர்கோட்டுச் சாய்வு இருக்கிறதா என்றுதான் சோதனை தேடுகிறது. வெறும் நாட்களையே அச்சாக வைத்தால், 999ஆம் நாளில் நிற்கும் ஓரிருவர் தராசின் நுனியில் உட்கார்ந்ததுபோல முழுச் சாய்வையும் தாங்களே தீர்மானிப்பார்கள். வெறும் log t வைத்தால் அதே வேலையை முதல் சில நாட்களின் மரணங்கள் செய்யும். 20 கூட்டியது அதைத் தணிக்கத்தான். ஆர் மென்பொருள் தானாக எடுப்பது "km", அதாவது கப்லான்-மையர் வளைவால் மாற்றிய காலம். புள்ளிகளை அது சீராகப் பரப்பும். ஸ்டேட்டா மென்பொருளின் estat phtest தானாக எடுப்பது மாற்றாத காலம். ஒரே தரவுக்கு இரண்டு மென்பொருள்கள் வேறு வேறு பி-மதிப்பு தருகின்றன என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டாவது, survival தொகுப்பின் 3.0 பதிப்பிலிருந்து cox.zph தோராயக் கணக்கை விட்டுவிட்டு முழு ஸ்கோர் சோதனையைச் செய்கிறது; பழைய பாடக்குறிப்புகளில் உள்ள எண்களும் rho என்ற நெடுவரிசையும் இன்றைய திரையில் வராது.

மூன்றாவது வழி, மாறியைக் காலத்தோடு பெருக்கிய உறுப்பு ஒன்றை மாதிரியில் சேர்த்து, அதன் குணகம் பூச்சியமா என்று பார்ப்பது. பார்க்க வேறு வழிபோல் தெரிந்தாலும் இது இரண்டாவதன் உடன்பிறப்புதான். cox.zph செய்யும் ஸ்கோர் சோதனை இந்த உறுப்பைச் சேர்க்காமலேயே, சேர்த்தால் பயன் இருக்குமா என்று கேட்கிறது. ஆகவே இரண்டையும் செய்து, இரண்டு சான்றுகள் கிடைத்தன என்று எழுத வேண்டாம். ஆனால் இந்த மூன்றாவது வழியில் ஒரு பள்ளம் உண்டு, அதில் விழுபவர்கள் அதிகம்:

```r
# தவறு
coxph(Surv(time, status) ~ trt + prior + karno +
        I(karno * log(time + 20)), data = veteran)
# சரி
fit_tt <- coxph(Surv(time, status) ~ trt + prior + karno + tt(karno),
                data = veteran,
                tt = function(x, t, ...) x * log(t + 20))
```

முதல் கட்டளையில் உள்ள time, ஒவ்வொருவரும் கடைசியில் எத்தனை நாள் வாழ்ந்தார் என்ற எண். அதை விளக்கும் மாறியாகப் போட்டால், நீண்ட நாள் வாழ்ந்தவர் நீண்ட நாள் வாழ்ந்தார் என்பதை மாதிரி கண்டுபிடித்துப் பிரமாதமான பி-மதிப்பைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டாவது கட்டளையில் ஒவ்வொரு மரண நாளிலும், அன்று கண்காணிப்பில் உள்ள எல்லோருக்கும் அந்த நாளின் t வைத்துப் பெருக்கல் நடக்கிறது. ஸ்டேட்டாவில் stcox உடன் tvc(), texp() போடுவது இதற்குச் சமம். அங்கும் கையால் ஒரு நெடுவரிசை செய்து பெருக்கிச் சேர்த்தால் இதே பள்ளம்தான்.

மூன்றில் எது என்றால், ஷோன்ஃபெல்ட் படம். கூடவே மாறிவாரியான பி-மதிப்பு. லாக்-லாக் படம் குழு மாறிகளுக்கு இணைப்பில் போகலாம். பெருக்கல் உறுப்பைச் சோதனையாக அல்ல, பின்னால் சொல்லப்போவதுபோல் தீர்வாக வைத்துக்கொள்வது நல்லது.

பி-மதிப்பை மட்டும் நம்ப முடியாததற்குக் காரணம் மரணங்களின் எண்ணிக்கை. 40 மரணம் உள்ள கோஹார்ட்டில் விகிதம் பாதியாகத் தேய்ந்தாலும் பி 0.3 என்று வரலாம். லட்சத்துக்கு மேல் மரணம் உள்ள கோஹார்ட்டில் 0.75இலிருந்து 0.72க்கு நகர்ந்தாலே பி 0.001 ஆகலாம். முதலாவதை அனுமானம் பொருந்துகிறது என்றும் இரண்டாவதை உடைந்தது என்றும் எழுதினால் இரண்டும் தலைகீழ். மாட்ஸ் ஸ்டென்ஸ்ருடும் மிகேல் எர்னானும் 2020இல் ஜாமா இதழில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தச் சோதனையே எதற்கு என்று கேட்டார்கள். மருத்துவத்தில் விகிதம் கண்டிப்பாக மாறாமல் இருப்பது அரிது. ஆகவே மாறுகிறது என்று வைத்துக்கொண்டே ஆய்வை எழுதுங்கள் என்பது அவர்கள் வாதம். பி-மதிப்பைப் பொறுத்தவரை அந்த வாதம் சரி. படத்தைப் பொறுத்தவரை அது சோதனை அல்ல, அளவீடு. எவ்வளவு மாறுகிறது என்பதை எழுத அது வேண்டும்.

படத்தைப் பார்த்த உடனே தீர்வுக்குப் பாயவும் கூடாது. வேறு பிழைகளும் இதே வேடத்தில் வரும். தொடர் மாறியின் உறவு வளைவாக இருக்க, நேர்கோடாகப் போட்டிருந்தால் எச்சங்கள் சாயும். வலுவான ஒரு மாறியை மாதிரியில் விட்டுவிட்டாலும் சாயும். இந்தத் தரவிலேயே புற்றுநோய்ச் செல்லின் வகை ஒரு முக்கியமான மாறி, மேலே உள்ள மாதிரியில் அது இல்லை. அதைச் சேர்த்தாலும் karno மாறியின் சிக்கல் தீரவில்லை, செல் வகையும் தன் பங்குக்கு அனுமானத்தை மீறுகிறது. ஆனால் சேர்த்துப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்ல முடியும். ஆகவே வரிசை: முதலில் மாறிகள், பிறகு அவற்றின் வடிவம், கடைசியில் விகிதசமம். விளக்கம் எளிதாக இருக்கட்டும் என்பதற்காக இங்கே மூன்று மாறி மாதிரியோடே தொடர்கிறோம்.

கோஹார்ட்டுக்கே உரிய இன்னொரு கேள்வி, கடிகாரம் எது என்பது. சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்களா, வயதையே கால அச்சாக வைத்து, சேர்ந்த வயதில் நுழைகிறார் என்று எழுதுகிறீர்களா? முதலாவதில் படம் காட்டுவது அளந்து எத்தனை நாளான பின் விளைவு தேய்கிறது என்பதை. இரண்டாவதில் அதே கட்டளை காட்டுவது எந்த வயதில் விளைவு மாறுகிறது என்பதை. ஒன்றில் தேறி மற்றதில் தவறலாம். கடிகாரத்தை மாற்றினால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

உடைந்த பிறகு

முதல் வழி, ஒற்றை எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அது சராசரி என்று ஒப்புக்கொள்வது. வளைவு பூச்சியக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருந்து, தொடக்கமும் முடிவும் 0.70, 0.78 என்ற அளவில்தான் விலகுகின்றன என்றால் இதுவே போதும். திட்டப் பிழையை மட்டும் ராபஸ்ட் முறையிலோ பூட்ஸ்டிராப் முறையிலோ எடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சராசரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: அது எத்தனை காலம் கண்காணித்தோம், யார் எப்போது விடுபட்டார்கள் என்பதைப் பொறுத்தது. விளைவு தேயும் ஒன்றை இரண்டு ஆண்டு கண்காணித்த கோஹார்ட்டும் பத்து ஆண்டு கண்காணித்த கோஹார்ட்டும் வேறு வேறு எண் தரும்; இருவரும் சரியாகவே செய்திருப்பார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், இதய நோய்க்கான மொத்த விகிதம் 1.24 என்று 2003இல் வெளியானது; முதல் ஆண்டுக்கு மட்டும் அது 1.81. முதல் எண்ணை மட்டும் படித்தவருக்கு ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. நம் தரவிலும் இந்த வழி செல்லாது, விளைவு முழுவதுமே காணாமல் போகிறதே.

இரண்டாவது வழி, அடுக்குப் பிரிப்பது.

```r
coxph(Surv(time, status) ~ trt + prior +
        strata(cut(karno, c(0, 30, 60, 100))), data = veteran)
```

ஒவ்வோர் அடுக்குக்கும் தனி அடிப்படை ஹசார்டு. விகிதம் மாறாது என்ற நிபந்தனை அந்த மாறிக்கு இல்லாமலே போய்விடுகிறது. விலை என்னவென்றால் அந்த மாறிக்கு ஹசார்டு விகிதமே கிடைக்காது. ஆகவே கேள்வி எளிதாகிறது: இந்த மாறியைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறீர்களா, இல்லை அதைச் சரிசெய்து ஒதுக்க வேண்டுமா? மையம், மாவட்டம், சேர்ந்த ஆண்டு, பாலினம் போன்றவை குழப்பக் காரணிகளாக மட்டும் இருந்தால் அடுக்குப் பிரிப்பதைவிடச் சுத்தமான வழி இல்லை. கார்னாஃப்ஸ்கிதான் ஆய்வின் கேள்வி என்றால் இது உதவாது. தொடர் மாறியை அடுக்காக வெட்டும்போது ஒரே அடுக்குக்குள் 40ம் 60ம் சமமாகிவிடுகின்றன, குழப்பத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அடுக்குகளை மிக நுணுக்கமாக்கினாலும் தொல்லை: மரணமே இல்லாத அடுக்கு கணக்குக்கு எதையும் தராது.

மூன்றாவது, காலத்தைத் துண்டாக்குவது. வெளியிடும் கட்டுரைகளுக்கு இதுதான் பெரும்பாலும் பொருந்துகிறது, ஏனென்றால் வாசகர் கையில் அட்டவணையாகக் கொடுக்கலாம்.

```r
vet2 <- survSplit(Surv(time, status) ~ ., data = veteran,
                  cut = c(90, 180), episode = "tgroup", id = "id")
fit2 <- coxph(Surv(tstart, time, status) ~ trt + prior +
                karno:strata(tgroup), data = vet2)
```

survSplit ஒவ்வொருவரையும் 90, 180 ஆகிய நாட்களில் வெட்டி, ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று வரிகள் ஆக்குகிறது. 200 நாள் வாழ்ந்தவருக்கு 0–90, 90–180, 180–200 என மூன்று வரி. மரணம் கடைசி வரியில் மட்டும். செய்தவுடன் மரணங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்: sum(vet2$status) 128 என்றே வர வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ நெடுவரிசைப் பெயரில் எங்கோ தடுமாறியிருக்கிறீர்கள். வரிகள் பெருகியதால் ஆட்கள் பெருகியதாக ஆகாது. ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரு வரிதான் கணக்கில் இருக்கும் என்பதால் இதற்காகத் தனித் திருத்தம் வேண்டாம்.

20 மதிப்பெண்ணுக்கான விகிதம் இப்போது மூன்றாகப் பிரிகிறது. முதல் 90 நாளில் 0.38 (0.30 முதல் 0.48). 90 முதல் 180 நாள் வரை 1.17 (0.71 முதல் 1.94). 180க்குப் பிறகு 0.85 (0.48 முதல் 1.50). ஒற்றை எண் 0.51 என்று சொன்ன இடத்தில் உண்மையில் இருந்தது, முதல் மூன்று மாதத்தில் அதைவிட வலுவான ஒரு தொடர்பு, பிறகு அடையாளம் காண முடியாத ஒன்று. இந்த நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 80 நாள். பாதிப் பேர் முதல் துண்டிலேயே போய்விட்டார்கள். பின்னிரு துண்டுகளின் இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். நடுத் துண்டின் 1.17ஐ வைத்து, நன்றாக நடமாடியவர்கள் பின்னால் அதிகம் இறந்தார்கள் என்று யாரும் கதை கட்டக்கூடாது.

இன்னொன்றும் இந்த மாதிரியில் நடந்தது. மருந்தின் விகிதம் முதல் மாதிரியில் 1.20, துண்டாக்கிய மாதிரியில் 0.99. இரண்டிலும் இடைவெளி 1ஐத் தாராளமாக உள்ளடக்குகிறது, ஆகவே முடிவு மாறவில்லை. ஆனால் மருந்து மாறி விகிதசமச் சோதனையில் தேறியிருந்தது என்பதைக் கவனியுங்கள். வலுவான ஒரு குழப்பக் காரணியின் காலப்போக்கைத் தவறாக எழுதினால், தேறிய மாறியின் எண்ணும் நகர்கிறது. கோஹார்ட் ஆய்வில் முக்கிய மாறி மட்டும் தேறினால் போதும், மற்றவை சரிசெய்யத்தானே என்று விட்டுவிடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே காட்டு.

துண்டாக்குவதன் பலவீனம் வெட்டும் இடம். 90, 180 என்பவை இங்கே படத்தைப் பார்த்தபின் எடுத்தவை. அதே தரவில் படத்தைப் பார்த்து வெட்டி, அதே தரவில் பி-மதிப்பும் எடுத்தால் அது தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போடுவதுபோல. ஆய்வுத் திட்டத்திலேயே மருத்துவக் காரணத்தோடு எழுதிவைத்த வெட்டுதான் நல்லது: சிகிச்சைச் சுற்று முடியும் நாள், அறுவைக்குப் பிந்தைய 30 நாள், முதல் ஆண்டு. அப்படி எழுதிவைக்கவில்லை என்றால், பார்த்தபின் வெட்டியது என்று கட்டுரையில் சொல்லிவிட வேண்டும். ஒரு துண்டில் பத்துப் பதினைந்து மரணம்தான் விழும் என்றால் அந்தத் துண்டைப் பக்கத்துத் துண்டோடு சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, முன்பு பார்த்த tt() உறுப்பையே தீர்வாக வைப்பது. வெட்டு இல்லை, விகிதம் வழுவழுப்பாக மாறும். நம் தரவில் குணகம் −0.1245 + 0.0213 × log(t + 20) என்று வருகிறது. 20 மதிப்பெண்ணுக்கு மாற்றினால் முதல் நாளில் 0.30, 30ஆம் நாளில் 0.44, 90இல் 0.62, 180இல் 0.79. சுமார் 325ஆம் நாளில் 1ஐக் கடந்து மேலே போகிறது. அந்தக் கடத்தல் தரவு சொன்னது அல்ல. லாக் கோடு தொடர்ந்து ஏறியே ஆக வேண்டும் என்ற வடிவம் சொன்னது. துண்டாக்கிய மாதிரியோடு வைத்துப் பார்த்தால், 90 முதல் 180 வரை இது 0.62–0.79 என்கிறது, அது 1.17 என்கிறது, அதன் இடைவெளி இதையும் உள்ளடக்குவதால் முரண் இல்லை, ஆனால் எந்த வடிவம் உண்மை என்று 128 மரணம் தீர்ப்புச் சொல்லாது. மருந்தின் விகிதம் இதில் 1.02, துண்டாக்கியதற்கு அருகில்தான். மரணம் அதிகமுள்ள பெரிய கோஹார்ட்டில், வளைவைப் படமாகக் கொடுக்க இடம் இருந்தால் இந்த வழி சிறந்தது. பெருக்கல் உறுப்பின் குணகத்தை மட்டும் அட்டவணையில் போட்டு, வாசகர் லாக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது மட்டும் கூடாது. பெரிய தரவில் tt() நினைவகத்தை விழுங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: ஒவ்வொரு மரண நாளுக்கும் அன்று உயிரோடு இருந்த எல்லோரையும் அது படியெடுக்கிறது.

ஐந்தாவது வழி விகிதத்தையே விட்டுவிட்டு, 90, 180, 365 ஆகிய நாட்களில் எத்தனை சதவீதம் உயிரோடு இருந்தார்கள் என்ற வித்தியாசத்தையோ, ஓராண்டுக்குள் சராசரியாக எத்தனை நாள் வாழ்ந்தார்கள் என்பதையோ கொடுப்பது. விகிதசம அனுமானம் இதற்குத் தேவையே இல்லை. ஆனால் கோஹார்ட்டில் சரிசெய்யாத சதவீதம் பயனற்றது; சரிசெய்ய மறுபடி ஏதோ ஒரு மாதிரி வேண்டும், அந்த மாதிரி காக்ஸ் என்றால் அதிலும் மேலே சொன்ன திருத்தம் வேண்டும். துண்டாக்கிய மாதிரியோடு துணையாக இதைக் கொடுப்பதே பொருத்தம்.

ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தத் தரவுக்கு முடிவு இப்படி: கார்னாஃப்ஸ்கிதான் கேள்வி என்றால் துண்டாக்குதல், பக்கத்தில் ஷோன்ஃபெல்ட் படம். மருந்துதான் கேள்வி, கார்னாஃப்ஸ்கி ஒதுக்க வேண்டிய காரணி என்றால், துண்டாக்கலும் அடுக்கும் இரண்டையும் ஓட்டி, மருந்தின் எண் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒத்துப்போனால் ஒன்றை மட்டும் எழுதி, மற்றதை இணைப்பில் வைக்கலாம்.

பின்துண்டுகளின் விகிதத்தைப் படிக்கும்போது ஒரு வார்த்தையில் கவனம் வேண்டும். 90 நாளுக்குப் பிறகு விகிதம் 1க்கு அருகில் என்றால், உடல்திறனின் பயன் தீர்ந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். இரண்டு வேறு காரணங்களும் அதே எண்ணைத் தரும். ஒன்று, மூன்று மாதத்துக்கு முன் அளந்த மதிப்பெண் இன்றைய நிலையைச் சொல்லாது. படுத்திருந்தவர் எழுந்திருப்பார், நடந்தவர் படுத்திருப்பார். மற்றொன்று, 30 மதிப்பெண்ணோடு நுழைந்து 90 நாள் தாண்டியவர், நாம் அளக்காத ஏதோ ஒரு விதத்தில் வலுவானவர். அவரைப்போல் இருந்த பலவீனமானவர்கள் முன்பே போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களை ஒப்பிடுவது நுழைந்தவர்களை ஒப்பிடுவது ஆகாது. முதல் காரணத்தைச் சோதிக்க, இடையில் திரும்ப அளந்த மதிப்பெண் வேண்டும்; இந்தத் தரவில் அது இல்லை. இரண்டாவதற்கு நேரடி மருந்தே இல்லை, ஐந்தாவது வழியின் சதவீதம் மட்டும் இந்தச் சிக்கலுக்கு வெளியே நிற்கிறது, ஏனென்றால் அது நுழைந்த எல்லோரையும் வகுத்தியில் வைத்திருக்கிறது.

கட்டுரையின் முறைகள் பகுதியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "விகிதசம அனுமானத்தை அளவிட்ட ஷோன்ஃபெல்ட் எச்சங்களின் படத்தாலும், log(t + 20) அளவுகோலில் கிராம்ப்ஷ்-தெர்னோ சோதனையாலும் ஒவ்வொரு மாறிக்கும் பார்த்தோம். கார்னாஃப்ஸ்கி மதிப்பெண்ணின் விளைவு காலத்தோடு குறைந்ததால் 90, 180 ஆகிய நாட்களில் பிரித்து, துண்டுவாரியாக விகிதம் தருகிறோம். வெட்டுப் புள்ளிகள் படத்தைப் பார்த்தபின் தேர்ந்தெடுத்தவை." முடிவுகள் பகுதியில் மூன்று விகிதங்கள், இடைவெளிகள், ஒவ்வொரு துண்டிலும் நடந்த மரணங்களின் எண்ணிக்கை. 0.51ஐயும் கொடுக்கலாம், 999 நாள் வரையிலான கண்காணிப்பின் சராசரி என்ற குறிப்போடு.